மோட்டார் வேகம் கூடினால் ஒலிக்கோடு கீழே இறங்குகிறது, ஏன்?

பல்சக்கரம் | ஜூன் 4, இரவு 10.20

மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் 26 பல் உள்ள சக்கரம், அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. பல் தேய்வதை ஒலியிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். மைக் மாட்யூல் ஒன்றை மைக்ரோகன்ட்ரோலரில் இணைத்து, டைமர் வைத்து நொடிக்கு 8000 சாம்பிள் எடுத்து, சீரியல் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பி, அங்கே ஸ்பெக்ட்ரோகிராம் வரைகிறேன்.

மோட்டார் நிமிடத்துக்கு 12000 சுற்று, அதாவது நொடிக்கு 200. திரையில் 200 ஹெர்ட்ஸில் ஒரு கோடு. அது தண்டு, சந்தேகமில்லை. அப்புறம் 2800-இல் பளிச்சென்று ஒரு கோடு, 2400-இல் கொஞ்சம் மங்கலாக இன்னொன்று. 2800-ஐ 200-ஆல் வகுத்தால் 14. என்னிடம் 14 பல் சக்கரமே கிடையாது.

வேகத்தை மெதுவாக 12600 சுற்றுக்குக் கூட்டினேன். 200 கோடு ஒழுங்காக 210-க்குப் போனது. 2800 கோடு கீழே இறங்கி 2540-இல் நின்றது! 2400 கோடு மேலே ஏறி 2920. நடுவில் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொள்கின்றன. மோட்டார் வேகமாகச் சுற்றும்போது எந்தச் சத்தம் கீழே இறங்கும்?

எட்டுபிட் | ஜூன் 4, இரவு 10.41

சாம்பிளுக்கு எத்தனை பிட்? 8 பிட்தான் என்றால் அதுதான் காரணம். 16-க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பல்சக்கரம் | ஜூன் 4, இரவு 10.48

8 பிட்தான். சீரியல் 115200-இல் ஓடுகிறது. ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்த்தால் 10 பிட், ஆக நொடிக்கு 11520 பைட்டுக்கு மேல் போகாது. அதனால்தான் சாம்பிளுக்கு ஒரு பைட், நொடிக்கு 8000 என்று வைத்தேன். 8000 என்பதற்கு வேறு எந்தப் புனிதமான காரணமும் இல்லை.

ஆனால் பிட் குறைந்தால் இரைச்சல்தானே கூடும்? கோடு எப்படி எதிர்த்திசையில் நகரும்?

அலைவரிசை | ஜூன் 5, காலை 6.15

பிட்டை விடுங்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. பல் 26, நொடிக்கு 200 சுற்று. 26 × 200 = 5200. பல்லோடு பல் மோதும் ஒலி 5200 ஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும். அந்தக் கோட்டை உங்கள் படத்தில் எங்கே பார்த்தீர்கள்? பார்த்திருக்க முடியாது. 8000 சாம்பிளில் படம் 4000-த்தோடு முடிந்துவிடும். 8000-இல் 5200 போக மீதி 2800. உங்கள் பளிச் கோடு அதுதான்.

வேகம் கூட்டினீர்கள்: 26 × 210 = 5460. 8000-இல் அது போக மீதி 2540. நீங்கள் எழுதிய எண்ணேதான்.

இதுதான் அலியாஸிங். ஒலி மேலேதான் போகிறது, உங்கள் படம் அதை மடித்துக் கீழே காட்டுகிறது.

பல்சக்கரம் | ஜூன் 5, காலை 7.02

அக்கா, எண் அப்படியே பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5200 என்று ஒன்று வந்தால், அது கிடைக்காமல்தானே போக வேண்டும்? ஏன் வேறு இடத்தில் போய் உட்காருகிறது? அப்புறம் அந்த 2400 மேலே ஏறுகிறதே, அது மட்டும் நிஜமா?

மின்மினி | ஜூன் 5, காலை 9.30

எளிய விஷயம்தான். சாம்பிள் ரேட் ஒலியின் உச்ச அலைவெண்ணைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 5200 என்றால் 10400 வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. 8 பிட்டில் 10400 பைட் உங்கள் சீரியலிலும் போகும். அதுவரைக்கும் எடுத்த பதிவுகளை வீணாக்க வேண்டாம், மென்பொருளில் ஒரு லோ-பாஸ் போட்டு அந்த 2800-ஐ வெட்டிவிடுங்கள்.

தூக்கமில்லாதவன் | ஜூன் 5, பகல் 12.10

வீடியோவில் கார்ச் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதைதானே? இங்கே பல்சக்கரமே பின்னால் சுற்றுகிறது, பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

அலைவரிசை | ஜூன் 5, இரவு 8.45

தூக்கமில்லாதவன் விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் சரியான படம். அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

5200 ஹெர்ட்ஸ் அலையை ஒரு கடிகார முள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாம்பிளுக்கு இடையில் அது 5200/8000 சுற்று, அதாவது 234 டிகிரி முன்னால் போகிறது. நீங்கள் கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் அது 234 டிகிரி தள்ளி நிற்கிறது. ஆனால் 234 டிகிரி முன்னால் போனதும் 126 டிகிரி பின்னால் போனதும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். நடுவில் எந்தப் பக்கமாகப் போனது என்பது எங்கேயும் பதிவாகவில்லை. 126 டிகிரி என்பது 2800 ஹெர்ட்ஸ் அலை ஒரு சாம்பிளில் போகும் தூரம்.

நம்பவில்லை என்றால் கையால் போட்டுப் பாருங்கள். 5200 ஹெர்ட்ஸ் கொசைன் அலையை 8000-இல் எடுத்தால் முதல் நான்கு சாம்பிள்: 1, -0.588, -0.309, 0.951. 2800 ஹெர்ட்ஸ் கொசைன் அலைக்கும் அதே நான்கு எண். ஐந்தாவதும் அப்படித்தான், ஐயாயிரமாவதும் அப்படித்தான். அதனால் மின்மினி சொன்ன மென்பொருள் லோ-பாஸ் இங்கே உதவாது. ஃபில்டருக்குக் கிடைப்பது வெறும் எண் வரிசை. இது 2800-ஆ 5200-ஆ என்று அந்த வரிசைக்கே தெரியாதபோது ஃபில்டர் எதை வைத்துப் பிரிக்கும்? 2800-ஐ வெட்டினால் அங்கே நிஜமாகவே இருக்கும் ஒலியும் சேர்ந்து போய்விடும்.

வேகம் கூடும்போது கோடு இறங்குவதும் இதனால்தான். முள் முன்னால் அதிகம் போகப் போக, பின்பக்கத் தூரம் குறைகிறது.

இப்போது 2400. பல் மோதும் ஒலி சுத்தமான சைன் அலை இல்லை, அதன் இரண்டாம் மடங்கு 10400-உம் கூடவே வரும். ஒரு சாம்பிளுக்கு 468 டிகிரி. ஒரு முழுச் சுற்று முடிந்து மேலே 108 டிகிரி, அதுவும் முன்பக்கம். 108 டிகிரி என்றால் 2400 ஹெர்ட்ஸ். முன்பக்கம் என்பதால் வேகம் கூடினால் ஏறுகிறது. ஆக அதுவும் போலிதான். இறங்கும் கோடு போலி என்பது சரி. ஏறும் கோடெல்லாம் நிஜம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏறும் அளவைப் பாருங்கள்: வேகம் நூற்றுக்கு 5 கூடியபோது உங்கள் 2400 நூற்றுக்கு 20-க்கு மேல் ஏறியிருக்கிறது. நிஜமான 2400 என்றால் 2520-இல் நின்றிருக்கும்.

ஒரு பந்தயம். மூன்றாம் மடங்கு 15600. அது உங்கள் படத்தில் 400-இல் இருக்க வேண்டும். வேகம் கூட்டும்போது 400-இலிருந்து இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, திரும்ப 380 வரை ஏற வேண்டும். பூஜ்யத்தைத் தொடும் அதே நொடியில்தான் மேலே அந்தக் கத்தரிக்கோலும் வெட்டும். அடித்தளத்தில் மங்கலாக ஒரு V இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

பல்சக்கரம் | ஜூன் 5, இரவு 11.37

இருக்கிறது!!! நிறத்தின் அளவை மாற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. V-யின் கூர் நுனி கத்தரிக்கோல் வெட்டும் இடத்துக்கு நேர் கீழே. அப்போது வேகம் 12300 சுற்றுக்கு அருகில்.

ஒன்றுதான் உறுத்துகிறது. என் மாட்யூலில் மைக்குக்கு அப்புறம் ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் விடாது. கோடு எப்படி 5 ஹெர்ட்ஸ் வரைக்கும் வருகிறது?

அலைவரிசை | ஜூன் 6, காலை 6.05

கப்பாசிட்டர் வழியாகப் போனது 15995 ஹெர்ட்ஸ் மாதிரி ஏதோ ஒன்று. அதை அது ஏன் தடுக்கப்போகிறது? 5 ஹெர்ட்ஸ் ஆனது அதற்கு அப்புறம், சாம்பிள் எடுத்த இடத்தில். மின்சுற்றால் தரவே முடியாத ஒலி படத்தில் தெரிந்தால் அது மடிந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எனக்கே இது தோன்றவில்லை, நல்ல கேள்வி.

மின்மினியின் 10400-க்கு நேற்று பதில் சொல்ல விட்டுப்போனது. விதி "இரண்டு மடங்கு" இல்லை, "இரண்டு மடங்குக்கு மேல்". சரியாக 10400 வைத்தால் 5200 அலைக்கு ஒரு சுற்றில் இரண்டே சாம்பிள். அந்த இரண்டும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் விழுந்தால் கோடே இருக்காது, மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்தால் முழு உயரம் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், உச்ச அலைவெண் 5200 என்று எடுத்துக்கொண்டதுதான். 10400 ரேட்டில் அந்த 10400 மடங்கு நேராகப் பூஜ்யத்தில் போய் விழும். "உச்சம்" என்பது நமக்கு வேண்டிய ஒலியின் உச்சம் இல்லை, மைக் உள்ளே அனுப்பும் ஒலியின் உச்சம்.

மின்மினி | ஜூன் 6, காலை 10.22

"மேல்" என்பதை விட்டது என் தவறு. ஆனால் மென்பொருள் ஃபில்டர் உதவாது என்பதை நான் முழுசாக ஏற்கவில்லை. நான் 48000-இல் எடுத்த பதிவை 8000-ஆக்கும்போது ஃபில்டர் போடுவேன், நன்றாகவே வேலை செய்கிறது. இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

தூக்கமில்லாதவன் | ஜூன் 6, பகல் 1.15

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நானும் 48000-த்தை 8000 ஆக்குகிறேன். ஆறுக்கு ஒன்று எடுத்தால் போதும் என்று இப்படி:

```python
y = x[::6]
```

பேச்சுப் பதிவுகள். "ச", "ஸ" வரும் இடமெல்லாம் கரகரவென்று, யாரோ தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கும். மைக் மட்டம் என்று நினைத்து புது மைக் வேறு வாங்கிவிட்டேன். அதிலும் அதே தகரம்.

அலைவரிசை | ஜூன் 6, இரவு 9.00

மின்மினி சொல்வது சரி, ஆனால் அவர் பேசுவது வேறு சந்தர்ப்பம். 48000-இல் எடுத்த பதிவில் 5200 என்பது 5200-ஆகவே இருக்கிறது, இன்னும் மடியவில்லை. அப்போது மென்பொருள் ஃபில்டர் அதைப் பிடித்து வெளியே தள்ள முடியும். மடிந்த பிறகு முடியாது. எந்த இடத்தில் எண்ணிக்கை குறைகிறதோ, அதற்கு முன்னால் ஃபில்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல்சக்கரத்துக்கு அந்த இடம் மைக்குக்கும் சிப்புக்கும் நடுவில், தூக்கமில்லாதவனுக்கு அந்த ஒரு வரியில்.

உங்கள் தகரத்துக்குக் காரணம் புரிகிறதா? "ஸ" ஒலியின் பலம் பெரும்பாலும் 4000-க்கு மேலேதான். `x[::6]` அதை அப்படியே மடித்துப் பேச்சின் நடுவில் கொட்டுகிறது. இப்படிச் செய்யுங்கள், ஃபில்டரும் சேர்ந்தே நடக்கும்:

```python
from scipy.signal import resample_poly
y = resample_poly(x, 1, 6)
```

தூக்கமில்லாதவன் | ஜூன் 6, இரவு 11.58

தகரம் போய்விட்டது. புது மைக்கை என்ன செய்வது என்று யாராவது இன்னொரு இழை தொடங்குங்கள்.

எட்டுபிட் | ஜூன் 7, காலை 8.10

பிட் என்று சொன்னது நான்தான், வாபஸ். ஆனால் ஒரு சந்தேகம். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் 8000 என்று வைத்துப் பதிவு செய்தால் இந்த மடிப்பெல்லாம் வருவதே இல்லை, இப்போதுதான் விசிலடித்துப் பார்த்தேன். அது என்ன மந்திரம்?

அலைவரிசை | ஜூன் 7, காலை 8.40

சவுண்ட் கார்டு நிஜத்தில் 8000-இல் எடுப்பதில்லை. உள்ளே நொடிக்குப் பல லட்சம் தடவை எடுத்து, டிஜிட்டலாக வடிகட்டி, கடைசியில்தான் 8000-ஆகக் குறைக்கிறது. மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் சாதாரண ஏடிசிக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. சொன்ன நொடியில் மின்னழுத்தம் எவ்வளவோ அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

விசில் உச்சம் பெரும்பாலும் 4000-ஐத் தாண்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோதிப்பதென்றால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள்.

பல்சக்கரம் | ஜூன் 7, மாலை 6.30

ஒரு சோதனை செய்தேன், இப்போது குழப்பம் கூடிவிட்டது. நிஜக் கோடு என்றால் ரேட்டை மாற்றினாலும் அதே இடத்தில் நிற்க வேண்டும், போலி என்றால் நகர வேண்டும், சரிதானே? டைமரைச் சரிபாதியாக்குவது எளிது என்று 4000-இல் எடுத்தேன். மோட்டார் 12000 சுற்றிலேயே. 2800 கோடு 1200-க்கு ஓடியது. 2400 கோடு 1600-க்குப் போனது. ஆனால் அந்த 400 கோடு அசையவே இல்லை. அப்படியானால் 400 நிஜமா? V?

அலைவரிசை | ஜூன் 7, இரவு 9.12

சோதனை நல்லது, எண்தான் கெட்டது. 16000 என்பது 8000-த்துக்கும் மடங்கு, 4000-த்துக்கும் மடங்கு. 15600 அதிலிருந்து 400 தள்ளி இருக்கிறது, எனவே இரண்டு ரேட்டிலும் 400-லேயே விழும். பாதி, இரண்டு மடங்கு என்று போனால் இப்படி ஏமாறுவோம். ஒன்றோடொன்று ஒட்டாத ரேட் வேண்டும். 7400 வையுங்கள்.

கணக்குப் போட இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

```python
def alias(f, fs):
    return abs(f - fs * round(f / fs))
```

7400-இல் 400 கோடு 800-இல் விழ வேண்டும்.

பல்சக்கரம் | ஜூன் 7, இரவு 10.50

டைமர் எண்ணை 2000-இலிருந்து 2162 ஆக்கினேன் (கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ்). 400 போய் 800. 2800 போய் 2200. 200 மட்டும் 200-லேயே. ஆக என் படத்தில் நிஜமான கோடு ஒன்றே ஒன்று.

அப்புறம் ஒரு உபரிக் கோடு சிக்கியது. 8000-இல் 1900-இல் தடிமனாக நிற்கிறது, 7400-இல் 2900-க்குப் போகிறது. மோட்டார் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குறித்து வைக்கிறேன், பிறகு பார்ப்போம்.

பல்சக்கரம் | ஜூன் 9, இரவு 9.25

ஃபில்டர் போட்டேன். 4.7 கிலோ ஓம், 10 நானோஃபாரட், மைக்குக்கும் சிப்புக்கும் நடுவில். கணக்குப்படி 3400-இல் வெட்ட வேண்டும். 2800 கோடு போகவே இல்லை, ஏறக்குறைய பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. ரெசிஸ்டர் தவறோ என்று மீட்டரில் அளந்தும் பார்த்துவிட்டேன்.

அலைவரிசை | ஜூன் 10, காலை 6.20

ரெசிஸ்டர் சரி, பாதி என்பதும் சரி. "3400-இல் வெட்டும்" என்ற பேச்சுதான் ஏமாற்றுகிறது. ஒரு ஆர்.சி. கத்தி மாதிரி வெட்டாது, சரிவுப்பாதை மாதிரி இறங்கும். 3400-இல் 0.7 பங்கு, 5200-இல் 0.55 பங்கு. அவ்வளவு அருகில் இருப்பதை அதனால் அடக்க முடியாது. 8000-லேயே இருக்க வேண்டும் என்றால் நாலைந்து நிலை உள்ள ஃபில்டர் வேண்டும். வேதனை.

ஆனால் இதை விட்டு விலகி ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியதே பல் ஒலிதானே? 5200-ஐத் தடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? நீங்கள் அதைத் தடுக்கக் கூடாது, எடுக்க வேண்டும்.

பல்சக்கரம் | ஜூன் 10, காலை 7.45

ஐயோ ஆமாம். ஃபில்டர் போடும் மும்முரத்தில் எதற்காக ஆரம்பித்தேன் என்பதே மறந்துவிட்டது.

அப்படியென்றால் இன்னொரு யோசனை. 2800 என்பது நிஜத்தில் 5200 என்று இப்போது தெரியும். 8000-இல் கழித்தால் போதும். ரேட்டை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

மின்மினி | ஜூன் 10, காலை 11.05

தாராளமாகச் செய்யலாம். ரேடியோக்காரர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் மடித்து இறக்குகிறார்கள்.

அலைவரிசை | ஜூன் 10, இரவு 8.30

செய்கிறார்கள், ஆனால் அதற்கு முன்னால் தங்களுக்கு வேண்டிய ஒரு பட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறார்கள். இங்கே முதல் மடங்கு, இரண்டாம் மடங்கு, மூன்றாம் மடங்கு எல்லாம் ஒரே 4000-க்குள் மடிந்து கிடக்கின்றன. 12300 சுற்றில் கத்தரிக்கோல் வெட்டும் இடத்தில் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. பல் தேய்ந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் துணைக்கோடுகள் முளைக்கும், அதுதான் உங்களுக்குத் தடயம். அவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

சரி, ரேட் தேர்ந்தெடுப்போம். மூன்றாம் மடங்கு வரை வேண்டும், உச்ச வேகம் 12600 என்று வைத்துக்கொள்கிறேன். 78 × 210 = 16380. ஆக 16500 வரை படம் சுத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டு மடங்குக்கு மேல் என்று 36000 வைத்தால்? 16500-க்குள் மடிந்து விழுவது 36000 − 16500 = 19500-க்கு மேலுள்ளவை. நான்காம் மடங்கு 21840 இருக்கிறதே, அது 14160-இல் வந்து உட்காரும். அதைத் தடுக்க, 16500-ஐ விட்டுவிட்டு 19500-ஐ அடக்கும் ஃபில்டர் வேண்டும். பழைய வேதனையேதான்.

48000 வைத்தால் 31500-க்கு மேலுள்ளவைதான் 16500-க்குள் வரும். நான்காம், ஐந்தாம் மடங்குகள் 20000 பக்கம் விழும், அங்கே நாம் பார்க்கப்போவதில்லை, விழட்டும். ரேட்டில் பாதி எவ்வளவு என்பதைவிட, ரேட்டிலிருந்து வேண்டிய உச்சத்தைக் கழித்தால் எவ்வளவு என்று பாருங்கள். ஃபில்டர் அந்த இடத்துக்குள் அடக்கினால் போதும்.

மின்மினி | ஜூன் 10, இரவு 9.14

48000 பைட் சீரியலில் எப்படிப் போகும்? அதற்காகத்தானே 8000-க்கே வந்தார்!

அலைவரிசை | ஜூன் 10, இரவு 9.40

மோட்டார் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தொடர்ச்சியாக எதற்கு? 8192 சாம்பிளைச் சிப்பின் நினைவகத்திலேயே பிடித்து வையுங்கள். 48000-இல் அது 0.17 நொடி ஒலி. அப்புறம் சாவகாசமாக அனுப்புங்கள், முக்கால் நொடிகூட ஆகாது. ஸ்பெக்ட்ரத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் 6 ஹெர்ட்ஸ் இடைவெளி. 200 ஹெர்ட்ஸ் தள்ளி முளைக்கும் துணைக்கோட்டைப் பார்க்க அது தாராளம்.

பல்சக்கரம் | ஜூன் 12, இரவு 10.10

நினைவகம் 32 கேபி இருக்கிறது, இடம் போதும். 18000-இல் இரண்டு நிலை ஃபில்டர் ஒன்று ஆப்-ஆம்ப் வைத்துக் கட்டினேன். கணக்குப் போட்டால் 31500-இல் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் குறைகிறது. ஆகவே சிப்பால் முடியும் என்பதால் நேராக 96000-க்குப் போய்விட்டேன். அங்கே மடிப்பு ஆரம்பிப்பதே 79500-இல், அதே ஃபில்டர் அங்கே இருபதில் ஒரு பங்காக்கிவிடும். இடைவெளி 12 ஹெர்ட்ஸ் ஆகிறது, பரவாயில்லை.

5200, 10400, 15600 மூன்றும் அதனதன் இடத்தில். வேகம் கூட்டினால் மூன்றும் ஏறுகின்றன. கத்தரிக்கோல் இல்லை, V இல்லை. கொஞ்சம் வெறுமையாகக்கூட இருக்கிறது.

மின்மினி | ஜூன் 12, இரவு 10.35

96000 வீண் செலவு. இந்த மைக் 31500-க்கு மேல் எவ்வளவு அனுப்பிவிடும்? 48000 போதும், 16384 சாம்பிள் பிடித்து வைத்தால் கோடுகள் இன்னும் கூர்மையாகக் கிடைக்கும்.

அலைவரிசை | ஜூன் 13, காலை 6.30

இதில் மின்மினி சொல்வதற்கும் நியாயம் இருக்கிறது. ஆறாம் மடங்கு எவ்வளவு பலம் என்று 96000 படத்திலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நான் இருந்தால் அனலாக் பக்கம் சோம்பேறித்தனமாகவும் ரேட் பக்கம் தாராளமாகவும் இருப்பேன், அது என் பழக்கம்.

பல்சக்கரம் | ஜூன் 13, இரவு 11.20

ஆறாம் மடங்கு இரைச்சலுக்குள் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. முடிவு ஒத்திவைப்பு.

அந்த உபரிக் கோடு நினைவிருக்கிறதா? 96000-இல் அது 33900-இல் நிற்கிறது. ஒரு வழியாக நிஜ முகம் தெரிந்தது என்று எழுத வந்தேன், எழுதும்முன் alias-இல் போட்டுப் பார்த்தேன். 33900 என்றால் 8000-இல் 1900, பொருந்துகிறது. 7400-இல் 3100 வர வேண்டும். நான் குறித்து வைத்தது 2900. பொருந்தவில்லை! 96000-உம் 8000-த்தின் மடங்குதானே, மறுபடியும் அதே குழியில் விழப் பார்த்தேன். மடிப்பைத் திருப்பிப் போட்டால் 96000 − 33900 = 62100. அதற்கு 7400-இல் 2900 வருகிறது.

62100-இல் சத்தம் போடும் எதுவும் இங்கே இல்லை. ஃபில்டர் வைத்த பிறகும் அது கொஞ்சம்கூடக் குறையவில்லை.

அலைவரிசை | ஜூன் 14, காலை 6.10

குறையவில்லை என்றால் ஃபில்டருக்கு அப்புறம்தான் நுழைகிறது, மைக் வழியாக இல்லை. ஸ்விட்சிங் சார்ஜர்கள் பல இந்த வட்டாரத்தில்தான் அடித்துக்கொள்ளும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

பல்சக்கரம் | ஜூன் 14, இரவு 8.55

பிடுங்கினேன். கோடு காணோம். மறுபடி சொருகினேன், வந்துவிட்டது, ஆனால் இந்த முறை 33900-இல் இல்லை, 33700-க்குப் பக்கத்தில்.

தூக்கமில்லாதவன் | ஜூன் 14, இரவு 11.49

சார்ஜர் சூடாகச் சூடாக நகர்கிறதோ? 33900 போய் 33700 என்றால் நிஜத்தில் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா?

பல்சக்கரம் | ஜூன் 15, காலை 12.03

ஏறியிருக்கிறது. 62300. பத்து நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் இறங்கியிருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.